பூட்ஸின் பெயரை விட்டுவிட்டு மூன்று இடத்தைப் பார்

செப்டம்பரில் கிளாஸ்கோவுக்குப் படிக்கக் கிளம்பும் என் தங்கை, ஐந்து பூட்ஸ் படங்களை அனுப்பி, "அக்கா, இதுல எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். படங்களுக்குக் கீழே கடைக்காரர்கள் போட்டிருந்த பெயர்கள்: ஆங்க்கிள் பூட், காம்பாட் பூட், ரைடிங் பூட், கவ்பாய் பூட், புல்-ஆன் பூட். ஆம்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் காலணிகளைப் பெட்டியில் அடைக்கும்முன் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அவளுக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து, மழையும் குளிரும் உள்ள ஊருக்குக் கிளம்பும் மற்றத் தங்கைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயர்களைப் புரிந்துகொள். ஆங்க்கிள் என்பது உயரத்தை வைத்து வந்த பெயர். புல்-ஆன் என்பது மாட்டும் விதத்தை வைத்து வந்தது. காம்பாட், ரைடிங், கவ்பாய் மூன்றும் அந்த பூட்ஸ் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையின் பெயர்கள். ஆகவே ஒரே பூட்ஸ் ஆங்க்கிளாகவும் இருக்கும், புல்-ஆனாகவும் இருக்கும். கணுக்கால் உயரத்தில் இருபுறமும் எலாஸ்டிக் வைத்த செல்சி பூட் அப்படிப்பட்டதுதான். பெயரை வைத்துத் தேடினால் குழப்பம் தீராது. கையில் எடுத்து மூன்று இடங்களைப் பார்: கணுக்காலுக்கு மேலே குழாய் போல ஏறும் ஷாஃப்ட், கீழே சோல், அப்புறம் அது காலில் எப்படி இறுகுகிறது என்பது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அது என்ன பூட்ஸ், உனக்கு உதவுமா என்பதைச் சொல்லும்.

ஷாஃப்ட்: டேப் எடுத்து அளந்து பார்

இணையக் கடைகளில் ஷாஃப்ட் உயரம் என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அதைப் பாதத்தின் உள்வளைவில், சோல் தொடங்கும் இடத்திலிருந்து மேல் விளிம்பு வரை அளப்பார்கள். ஹீல் உயரம் அதில் சேராது. சில கடைகள் ஹீலையும் சேர்த்துத் தரையிலிருந்து அளக்கின்றன. இரண்டு கடைகளின் எண்களை ஒப்பிடும்முன் எங்கிருந்து அளந்தார்கள் என்று பார்த்துக்கொள். உத்தேசமாக 4 முதல் 6 அங்குலம் என்றால் கணுக்கால் பூட்ஸ். 8 முதல் 10 அங்குலம் காம்பாட். கவ்பாய் பூட்ஸ் பெரும்பாலும் 11 முதல் 13 அங்குலம், பாதிக் கெண்டைக்கால் வரை வரும். ரைடிங் பூட்ஸ் முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் நிற்கும்.

கணுக்கால் உயர பூட்ஸில் ஒரே ஒரு சோதனை முக்கியம். மேல் விளிம்பு கணுக்கால் எலும்பின் மேலேயே வந்து முடிகிறதா என்று பார். எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே முடிந்தால் நல்லது. எலும்பின் மேலேயே முடிந்தால், நடக்க நடக்க விளிம்பு அங்கே உரசித் தோல் உரியும். விளிம்பில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தால் கொஞ்சம் தாங்கும்.

உயரமான ஷாஃப்ட் வாங்கும்போது உயரத்தை விடச் சுற்றளவுதான் ஆளை ஏமாற்றும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நேர்கோணமாக மடக்கி, பாதம் முழுவதும் தரையில் படும்படி வை. பூட்ஸுக்குள் போடப்போகும் சாக்ஸையும் பேண்ட்டையும் போட்டுக்கொண்டே கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்று. பிறகு தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரம் எடு. ரைடிங் பூட்ஸ் செய்பவர்கள் கேட்கும் இரண்டு அளவுகள் இவைதான். நின்றுகொண்டு வெறுங்காலில் எடுத்த அளவை நம்பி வாங்கியவர்களுக்கு ஜிப் பாதியில் நின்றுவிடும்.

நிஜமான ரைடிங் பூட்ஸைப் போடும் முதல் நாள் அது முழங்காலின் பின்பக்கத்தை இடிப்பது போல் உயரமாகத் தெரியும். அதைக் குறை என்று நினைக்காதே. கணுக்கால் மடங்கும் இடத்தில் தோல் சுருக்கம் விழுந்து, ஓரிரு மாதத்தில் 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை ஷாஃப்ட் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கணக்கிட்டே உயரம் வைத்து வெட்டுகிறார்கள். ஆனால் ஃபேஷனுக்காகச் செய்யும் ரைடிங் பூட்ஸின் தோல் மெல்லியது; அது இறங்குவதோடு நிற்காது, கணுக்காலில் மொத்தமாகத் தொய்ந்து குவிந்துவிடும். வாங்கும்முன் பூட்ஸை மேசைமேல் நிறுத்திப் பார். ஷாஃப்ட் தானாக நின்றால் தோலிலோ உள் லைனிங்கிலோ உரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கவ்பாய் பூட்ஸின் ஷாஃப்டில் வரிவரியாகப் பூத்தையல் போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அது அழகுக்கு மட்டும் வந்ததல்ல. வெளித்தோலையும் உள்தோலையும் சேர்த்துத் தைக்கும்போது ஷாஃப்ட் விறைப்பாகி, தொய்யாமல் நிற்கிறது. தையல் வரிசை அதிகமானால் விறைப்பும் கூடும்.

சோல்: தலைகீழாகத் திருப்பு

கடையில் பூட்ஸை எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். வழுவழுப்பான சோல், லேசாக வரி போட்ட சோல், ஆழமான கட்டிகள் உள்ள சோல் என மூன்று விதம்தான் உன் கண்ணில் படும்.

வழுவழுப்பான சோல் குதிரைக்குரியது. சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் பாதம் நிற்க வேண்டும், ஆனால் சிக்கிக்கொள்ளக் கூடாது. குதிரையிலிருந்து விழுபவரின் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டால் குதிரை அவரை இழுத்துக்கொண்டே ஓடும். அதனால்தான் ரைடிங் பூட்ஸின் அடி வழுவழுப்பாகவோ மிக லேசான வரியுடனோ இருக்கிறது. பாதம் முன்னால் நழுவிப் போய்விடாமல் தடுக்க ஏறத்தாழ ஓர் அங்குல ஹீல் இருக்கிறது. கவ்பாய் பூட்ஸிலும் இதே காரணம்தான், ஹீல் இன்னும் உயரம். பின்பக்கம் உட்சரிவாகச் செதுக்கியிருப்பார்கள். ரோப்பர் என்று ஒரு வகை கவ்பாய் பூட்ஸ் உண்டு. கயிறு வீசிக் கன்றைப் பிடித்ததும் குதிரையிலிருந்து குதித்து ஓட வேண்டியவர்களுக்கானது அது; ஹீல் தட்டையாக இருக்கும், ஷாஃப்டும் குட்டை. கவ்பாய் தோற்றம் பிடிக்கும், ஆனால் நாள் முழுக்க நடக்க வேண்டும் என்பவர்கள் ரோப்பரைத்தான் தேட வேண்டும்.

ஆழமான கட்டிகள் உள்ள சோல் மலையில் பிறந்தது. 1935-இல் ஆல்ப்ஸ் மலையேற்றம் ஒன்றில் தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, பாறையையும் பனியையும் பிடிக்கும் ரப்பர் சோலை உருவாக்கினார். 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து உண்டானதுதான் விப்ரம் என்ற பெயர். அந்த வடிவத்தின் வழிவந்தவைதான் இன்று காம்பாட் பூட்ஸ்களின் அடியில் நீ பார்க்கும் கட்டிகள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டி சோல் என்றால் எங்கேயும் வழுக்காது என்று நினைக்காதே. சேறு, சரளை, மிதித்தால் அமுங்கும் புதுப்பனி ஆகியவற்றில் கட்டிகள் உள்ளே இறங்கிப் பிடிக்கும். ரயில் நிலையத்தின் ஈரமான டைல்ஸில் இறங்க இடம் கிடையாது. கட்டிகளின் நுனி மட்டுமே தரையைத் தொடும். அங்கே உன்னைக் காப்பாற்றுவது ரப்பரின் மென்மைதான். கட்டை விரல் நகத்தால் சோலை அழுத்திப் பார். நகம் லேசாகப் பதிந்து மீண்டால் நல்லது. பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல் இருந்தால் குளிரில் அது இன்னும் இறுகி, ஈரத்தரையில் வழுக்கும். கட்டிகள் அதிக உயரமில்லாமல், இடையே சிறு கீறல்களும் இருந்தால் நகரத்துக்கு அதுவே சிறந்தது. தண்ணீர் படர்ந்த வெறும் பனிக்கட்டியில் எந்தச் சாதாரண ரப்பர் சோலும் நிற்காது. அப்படிப்பட்ட நாளில் பூட்ஸின் மேல் மாட்டும் ஆணி வைத்த ரப்பர் வலையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சோல் ஒட்டப்பட்டதா தைக்கப்பட்டதா என்பதற்கு அதிகம் மண்டையைக் குடைய வேண்டாம். சுற்றிலும் ஓடும் பட்டையான வெல்ட்டில் தையல் தெரிந்தால், அதை நகத்தால் தடவு. உண்மையான நூலா, ரப்பரிலேயே தையல் போல அச்சடித்ததா என்பது தெரிந்துவிடும். வெல்ட் தைத்த பூட்ஸுக்குச் சோல் தேய்ந்தால் மாற்றலாம். ஒட்டியது மட்டம் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று குளிர்காலத்துக்கு அது தாராளமாக உழைக்கும்.

எப்படி இறுகுகிறது?

மூன்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கால் அளவு சரியாக இருந்தும் பூட்ஸ் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

லேஸ் கட்டும் பூட்ஸ் மன்னிக்கும் குணம் கொண்டது. தடித்த சாக்ஸ் போட்டால் தளர்த்தலாம், மெல்லிய சாக்ஸ் போட்டால் இறுக்கலாம், மேல்பாதம் உயரமானவர்களும் சமாளிக்கலாம். காம்பாட் பூட்ஸ் அந்த வகை. அமெரிக்க ராணுவம் 1943-இல் கொண்டுவந்த மாடலில் லேஸுக்கு மேலே இரண்டு பக்கிள் வைத்த தோல்பட்டை இருந்தது. அதுவரை வீரர்கள் தனியாகச் சுற்றிக்கொண்ட கெண்டைக்கால் உறைக்குப் பதிலாக வந்தது அது. இன்று கடையில் சிலவற்றில் பக்கிள் வெறும் அலங்காரமாகத் தொங்கும். இழுத்துப் பார், பட்டை உண்மையிலேயே இறுகாவிட்டால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதே.

லேஸ் பூட்ஸில் யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழு. நாக்கின் இரண்டு ஓரமும் மடிப்புத் தோலால் பூட்ஸின் பக்கங்களோடு தைத்திருக்கிறதா? எத்தனையாவது ஓட்டை வரை அந்த மடிப்பு ஏறுகிறது? உன் பூட்ஸ் எவ்வளவு ஆழத் தண்ணீரைத் தாங்கும் என்பதை அந்த மடிப்பின் உயரம்தான் தீர்மானிக்கிறது. ஷாஃப்ட் 8 அங்குலம் இருந்து மடிப்பு மூன்றாவது ஓட்டையோடு நின்றால், அதற்கு மேல் வரும் தண்ணீர் லேஸ் வழியாக நேராகச் சாக்ஸுக்கு வந்துவிடும். நாக்கு மடிப்பே இல்லாமல் தொங்கினால் அந்த பூட்ஸ் மழைக்கு உதவாது, 'வாட்டர் புரூஃப்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் சரி.

ஜிப் உள்ளவற்றிலும் இதே சோதனைதான். ஜிப்பைத் திறந்து, அதன் பின்னால் தோலாலோ துணியாலோ ஒரு மடிப்பு இருக்கிறதா பார். இல்லாவிட்டால் பல்வரிசை வழியே ஈரம் ஊறும். ஜிப் எந்தப் பக்கம் என்பதும் ஒரு சேதி சொல்லும். காலின் உள்பக்கம் ஜிப் வைத்த ரைடிங் பூட்ஸ் தெருவில் நடக்கச் செய்தது. குதிரை ஏறச் செய்ததில் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் குதிரையின் விலாவில் படும். ஜிப் இருந்தால் பின்பக்கம் இருக்கும். அதிலேயே கணுக்கால் மடிப்பில் மட்டும் சிறிதாக லேஸ் வைத்தது ஃபீல்டு பூட், லேஸே இல்லாதது டிரஸ் பூட்.

இனி புல்-ஆன். எலாஸ்டிக் வைத்த செல்சி பூட்டுக்கு லண்டனைச் சேர்ந்த ஸ்பார்க்ஸ் ஹால் 1851-இல் காப்புரிமை பெற்றார். விக்டோரியா அரசிக்குக் காலணி செய்தவர் அவர். ரப்பரை வெயிலிலும் குளிரிலும் கெடாமல் பதப்படுத்தும் முறை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வந்திருந்தது. அது இல்லாமல் இந்த பூட்ஸே கிடையாது. இன்றைக்கும் செல்சியின் ஆயுள் எலாஸ்டிக்கின் ஆயுள்தான். இரண்டு கையாலும் அகட்டி இழுத்து விடு, உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அலை அலையாக நெளிந்து நின்றால் வாங்காதே. செல்சியில் மழை நுழைவதும் எலாஸ்டிக் வழியாகத்தான்.

கவ்பாய் பூட்ஸ் எலாஸ்டிக்கும் இல்லாத புல்-ஆன். மேலே இரண்டு காதுப்பட்டை இருக்கும், அதைப் பிடித்து இழுத்துப் போட வேண்டும். அதை இறுக்க எதுவுமே கிடையாது. உன் மேல்பாதத்தை அணைத்துப் பிடிக்கும் தோல் மட்டும்தான் பூட்டு. ஆகவே போடும்போது மேல்பாதம் கொஞ்சம் சிரமப்பட்டு, பிறகு 'டப்' என்று உள்ளே இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் பெரிய சைஸ் என்று பொருள். உள்ளே போன பிறகு குதிகால் அரை அங்குலத்துக்குள் மேலே எழுந்து இறங்கினால் பயப்படாதே. புதுச் சோல் விறைப்பாக இருப்பதால் அது வளைய மறுக்கிறது. பழகியதும் குதிகால் அடங்கும். இதே ஆட்டம் லேஸ் பூட்ஸில் இறுக்கிய பிறகும் இருந்தால் அது அளவுக் கோளாறு, கொப்புளத்தில் முடியும்.

தங்கையின் ஐந்து படங்கள்

அவள் அனுப்பிய ஆங்க்கிள் பூட்ஸ் 3 அங்குல ஹீல், வழுவழுப்பான சோல், உள்பக்க ஜிப், ஜிப்புக்குப் பின்னால் மடிப்பு இல்லை. விருந்துக்குப் போடலாம், மழைத்தெருவுக்கு ஆகாது. ரைடிங் பூட்ஸின் ஜிப் உள்பக்கம் இருந்ததால் அது ஃபேஷன் வகை. அதன் ஷாஃப்ட் சுற்றளவு 36 சென்டிமீட்டர். நான் சொன்னபடி உட்கார்ந்து ஜீன்ஸோடு அளந்தபோது அவள் கெண்டைக்கால் 37. இதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. கவ்பாய் பூட்ஸ் கண்ணுக்கு அழகு, ஆனால் தோல் சோல். நனைந்த கல்தரையில் வழுக்கும், ஊறிய தோல் சீக்கிரம் தேயும்.

மிச்சம் காம்பாட்டும், கடைக்காரர் புல்-ஆன் என்று போட்டிருந்த செல்சியும். காம்பாட்டில் எட்டு ஓட்டை, நாக்கின் மடிப்பு ஆறாவது ஓட்டை வரை, நடுத்தர உயரக் கட்டி, நகம் பதியும் ரப்பர். பக்கத்தில் ஒரு ஜிப்பும் உண்டு, பின்னால் மடிப்புடன். கிளாஸ்கோவில் அக்டோபர் முதல் தூறலும் காற்றும்தான் அன்றாடம். முழங்கால் பனி அபூர்வம். அந்த ஊருக்கு இது போதும். அதை வாங்கச் சொன்னேன். செல்சியின் சோலும் நல்லதாகவே இருந்தது. வகுப்புக்கும் நூலகத்துக்கும், வாசலில் காலணியைக் கழற்றும் வீடுகளுக்கும் அது வசதி. ஆனால் முதல் ஜோடியாக வேண்டாம். அங்கே ஜனவரித் தள்ளுபடியில் வாங்கிக்கொள் என்றேன்.

சைஸ் விஷயத்தில் அவளுக்குச் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். நம் ஊர்க் கடைகளில் போடும் எண் பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்தான். பெண்களுக்கான பிரிட்டிஷ் 5, ஐரோப்பிய எண்ணில் ஏறத்தாழ 38, அமெரிக்க எண்ணில் 7. எண்ணை ஓர் ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள். பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், கம்பளி சாக்ஸோடு கடைக்குப் போ. லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். லேஸ் கட்டிய பிறகு கட்டை விரல் நுனிக்கு முன்னால் அரை அங்குல இடம் வேண்டும், விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். சாக்ஸ் நெருக்கினால் பாதத்தைச் சுற்றியுள்ள கதகதப்பான காற்றுக்கு இடமில்லாமல் போய், தடித்த சாக்ஸ் போட்டும் கால் சில்லிட்டுப் போகும்.

கடைசியாக, வாங்கும் நாளைப் பற்றியும் வைக்கும் இடத்தைப் பற்றியும். எடை குறைவாக, பஞ்சு போல இருக்கும் சோல்களில் பல பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்தவை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பொருள் உள்ளுக்குள் சிதையும். ஒருநாள்கூடப் போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் சில ஆண்டுகளில் வெடித்து, முதல் நடையிலேயே துண்டு துண்டாக உதிரும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்கும்போது சோலை இரண்டு கையாலும் வளைத்துப் பார். பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் என்ன விலைக்கும் வேண்டாம். அதே காரணத்துக்காக, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பூட்ஸைக் கொண்டுவந்து சென்னை வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிர்ந்த, உலர்ந்த அந்த ஊர் அலமாரியிலேயே, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைத்துவிட்டு வாருங்கள்.